கேன் மூடியிலுள்ள எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது: கேன், பாட்டில், வீட்டு ஆர்ஓ குறித்து ஒரு விளக்கம்

இருபது லிட்டர் தண்ணீர்க் கேனில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லையென்றால் அது போலி என்று பல ஆண்டுகளாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். 2024 அக்டோபருக்குப் பிறகு அந்த விதி அப்படியே பொருந்தாது. அந்த மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, அடைக்கப்பட்ட குடிநீருக்குத் தன் விதிகளில் இருந்த கட்டாய ஐஎஸ்ஐ சான்றை நீக்கியது. அடுத்த மாத இறுதியிலேயே அதே ஆணையம் அதே தண்ணீரை ‘அதிக இடர் உள்ள உணவு’ என்ற பிரிவில் சேர்த்தது. ஒரு கை தளர்த்தியது, மறு கை இறுக்கியது. கடலூரிலோ புதுச்சேரியிலோ வாசலில் கேனை இறக்கி வாங்குபவருக்கு மிஞ்சியது குழப்பம்தான். இனி எந்த முத்திரையைப் பார்ப்பது, எதை நம்பிக் குடிப்பது, பேசாமல் வீட்டிலேயே ஒரு ஆர்ஓ இயந்திரம் மாட்டிவிடலாமா என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன.

இவற்றுக்கு விடை காண, முத்திரைகளுக்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## உப்பு வேறு, கிருமி வேறு

குடிநீரில் நமக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று கரைந்திருப்பது, உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளூரைடு, இரும்பு ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று உயிருள்ளது, சாக்கடைக் கலப்பால் வரும் பாக்டீரியா, வைரஸ் முதலியவை. முதலாவது பெரும்பாலும் மெதுவாகத் தீங்கு செய்யும், சுவையிலோ பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவிலோ தன்னை ஓரளவு காட்டிக்கொடுக்கும். இரண்டாவது ஒரே நாளில் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், ஆனால் தண்ணீர் பளிங்குபோல இருக்கும்.

கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் முதல் பிரச்சினை தெருவுக்குத் தெரு மாறுகிறது. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயரிட்டிருக்கும் அடுக்கு நல்ல நீரைத் தேக்கி வைத்திருக்கும் அடுக்கு. ஆனால் கரையோரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வருகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டு போர் தண்ணீர் குடிக்கும்படியும் நான்கு வீடு தள்ளி உப்புக் கரிக்கும்படியும் இருப்பதற்கு, போரின் ஆழமும் அது எந்த அடுக்கிலிருந்து எடுக்கிறது என்பதும் காரணம். ஆகவே பக்கத்து வீட்டில் ஆர்ஓ மாட்டியிருக்கிறார்கள் என்பது நம் வீட்டிலும் மாட்டுவதற்குக் காரணம் ஆகாது.

கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவைத்தான் டிடிஎஸ் என்கிறோம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரையிலான டிடிஎஸ்ஸை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. நைட்ரேட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. 45 மில்லிகிராம்தான் எல்லை. ஈ.கோலை என்ற பாக்டீரியா 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிருமி எண்ணிக்கைக்கும் டிடிஎஸ் எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டிடிஎஸ் 60 காட்டும் தண்ணீரில் ஈ.கோலை இருக்கலாம், 700 காட்டும் தண்ணீரில் இல்லாமலும் இருக்கலாம்.

கையடக்க டிடிஎஸ் மீட்டர் உப்பைக்கூட நேரடியாக அளப்பதில்லை. நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அதற்குக் கிருமி தெரியாது, பூச்சிமருந்து தெரியாது. எண்ணூறு மில்லிகிராமில் எவ்வளவு சாதாரண உப்பு, எவ்வளவு நைட்ரேட் என்றும் தெரியாது.

## இரண்டு டம்ளர் வித்தை

இந்த வேறுபாடு தெரியாததால்தான் வாசலில் நடக்கும் ஒரு செய்முறை இன்றும் எடுபடுகிறது. விற்பனையாளர் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைக்கிறார். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கருவியை இரண்டிலும் சேர்த்து வைத்து பிளக்கில் செருகுகிறார். அரை நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, பிறகு பச்சையும் கறுப்புமாகத் திரிந்து, மேலே நுரை தள்ளுகிறது. ஆர்ஓ தண்ணீர் அப்படியே நிற்கிறது. ‘அம்மா, இதைத்தான் பிள்ளைங்களுக்குக் கொடுக்குறீங்களா?’ என்று அவர் கேட்கும்போது யாராயிருந்தாலும் முகம் மாறிவிடும்.

அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. கம்பிகளில் ஒரு சோடி இரும்பாலானது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. ஆர்ஓ நீரில் கடத்துவதற்கு உப்பு இல்லை, அதனால் எதுவும் நிகழ்வதில்லை. அதே ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கருவியை மீண்டும் வைக்கச் சொன்னால், அதுவும் அதே பழுப்பாக மாறும். செய்முறை பொய்யில்லை, அது காட்டுவது உப்பை, சொல்லப்படுவது அழுக்கு.

## கேன் மீது என்ன எழுதியிருக்கிறது

இனி முத்திரைகள். கேனாக இருந்தாலும் ஒரு லிட்டர் பாட்டிலாக இருந்தாலும் கீழ்க்கண்ட வரிசையில் பார்ப்பது வசதியானது.

1. பொருளின் பெயர். நாம் ‘மினரல் வாட்டர்’ என்று கேட்டு வாங்குவதில் ஏறத்தாழ எல்லாமே ‘பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்’, அதாவது அடைக்கப்பட்ட குடிநீர். எந்த நீரை எடுத்தும் சுத்திகரித்து அடைக்கலாம். அதன் தரம் ஐஎஸ் 14543. ‘இயற்கைக் கனிம நீர்’ என்பது தனி வகை. ஊற்று அல்லது ஆழ்துளை போன்ற இயற்கை ஆதாரத்திலிருந்து எடுத்து, அதன் இயல்பான கனிமச் சேர்க்கையை மாற்றாமல் அடைப்பது. அதன் தரம் ஐஎஸ் 13428. லேபிளில் ‘மூலிகை நீர்’ என்றோ வேறு புதுப் பெயரிலோ இருந்தால் அது இந்த இரண்டு தரங்களுக்கும் வெளியே நிற்கிறது. பெயரை மாற்றியதற்கு என்ன காரணம் என்று வாங்குபவர் யோசிப்பது நியாயமானது.

2. எஃப்எஸ்எஸ்ஏஐ எண். இது 14 இலக்கங்கள் கொண்டது, இன்றும் கட்டாயமானது. முதல் இலக்கம் 1 என்றால் அது உரிமம். 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான வெறும் பதிவு. தண்ணீர் அடைக்கும் ஆலையின் எண் 2இல் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். 2024 நவம்பர் இறுதியில் வந்த அதிக இடர் வகைப்பாட்டின்படி, உரிமம் வழங்குவதற்கு முன் ஆலையை நேரில் ஆய்வு செய்வதும் ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுத்துவதும் எதிர்பார்க்கப்படுகின்றன.

3. ஐஎஸ்ஐ முத்திரை. முத்திரை மட்டும் இருந்தால் அது வெறும் படம். உண்மையான முத்திரையின் மேலே ஐஎஸ் எண்ணும், கீழே `CM/L` என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் `BIS Care` செயலியில் அந்த எண்ணை இட்டால், உரிமம் யாருடையது, ஆலை எந்த முகவரியில் இருக்கிறது, எந்தப் பொருளுக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பவை வந்துவிடும். கட்டாயம் நீங்கிய பிறகும் பல ஆலைகள் இதை வைத்திருக்கின்றன. இல்லாத கேன் சட்டவிரோதம் என்று இனிச் சொல்ல முடியாது. இருப்பதாகக் காட்டிக்கொண்டு, எண் வேறொருவருடையதாக இருந்தால் அது மோசடி.

4. தேதியும் தொகுதி எண்ணும். அடைத்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி எண் ஆகிய மூன்றும் வேண்டும். கேன்களில் இவை பெரும்பாலும் மூடியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையில் மையால் அடிக்கப்பட்டிருக்கும். விரலால் தேய்த்தாலே அழிந்துபோகும் மையும், தேதிக்கு என்று விட்ட இடம் காலியாக இருப்பதும் ஆலையின் ஒழுங்கைப் பற்றிச் சொல்லிவிடுகின்றன.

ஒரு கேனை இப்படிப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கேனின் தோள்பட்டையில், பிளாஸ்டிக்கிலேயே புடைத்த எழுத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் நீல லேபிளில் வேறொரு பெயர். மூடி உறையில் மூன்றாவது பெயர். `CM/L` எண்ணைச் செயலியில் இட்டால் லேபிளில் உள்ள நிறுவனத்தின் பெயரே வருகிறது, உரிமமும் நடப்பில் இருக்கிறது. வாங்குபவர் நிம்மதி அடைந்துவிடுவார். ஆனால் இந்தக் கேனை நிரப்பியது லேபிளில் இருப்பவரா, மூடியில் இருப்பவரா? கேன்கள் கடைக்குக் கடை மாறி, எந்த ஆலைக்குக் காலியாகத் திரும்புகிறதோ அங்கே நிரம்புகின்றன. ஒட்டிய லேபிள் முந்தைய சுற்றிலிருந்து அப்படியே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக வருவது மூடியும் அதன் உறையும்தான். ஆகவே சரிபார்க்க வேண்டிய எண் உறையில் இருக்கும் எண். உறையில் எண்ணே இல்லாமல் ‘ப்யூர் வாட்டர்’ என்று மட்டும் இருந்தால், நிரப்பியவர் யாரென்று தெரியாத தண்ணீரை வாங்குகிறோம் என்று பொருள். புகார் செய்ய `Food Safety Connect` செயலி இருக்கிறது. கேனின் படமும் தேதியும் தொகுதி எண்ணும் இல்லாத புகார் எங்கும் நகராது என்பதால், உறையைக் கிழிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

லேபிளில் ‘ஓசோன் செலுத்தப்பட்டது’, ‘புற ஊதாக்கதிர் பாய்ச்சப்பட்டது’ என்று இருப்பவை கிருமி நீக்கும் முறையின் பெயர்கள். தரச் சான்றுகள் அல்ல. ‘ஐஎஸ்ஓ 9001’ என்பது ஒரு நிறுவனத்தின் மேலாண்மை முறைக்குத் தரும் சான்று. அதற்கும் உள்ளேயிருக்கும் தண்ணீருக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஒரு லிட்டர் பாட்டிலைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. மேற்சொன்ன நான்கும் அதற்கும் பொருந்தும். திறக்காதவரை அதன் உறை கேனைவிட நம்பகமானது, பாட்டிலும் புதியது. அன்றாடக் குடிநீராக அதை நம்புவதற்கு விலை இடம்கொடுக்காது. கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருப்பதைத் தவிர்த்து உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்கினால் போதும்.

## முத்திரை ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது

எல்லா எண்களும் சரியாக இருக்கும் கேனிலும் ஒரு வரம்பு உண்டு. அந்த எண்கள் சொல்வது, நிரப்பிய நாளில் ஆலையில் நீர் எப்படி இருந்தது என்பதை மட்டுமே. அதற்குப் பிறகு கேன் வண்டியில் வெயிலில் நிற்கிறது, கடைத் திண்ணையில் கிடக்கிறது, நம் வீட்டு டிஸ்பென்சரில் நான்கு நாள் கவிழ்ந்து கிடக்கிறது. என் கணிப்பில், நல்ல ஆலையிலிருந்து வந்த கேன் தண்ணீர் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சர் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இது புரியும். ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும்போது கேனுக்குள் அதே அளவு காற்று குமிழியாக ஏறுகிறது. சமையலறையிலோ கூடத்திலோ இருக்கும் தூசும் அதோடு ஏறுகிறது. மேலும் கேனின் கழுத்தை நாம் இரு கைகளாலும் பிடித்துத் தூக்கிக் கவிழ்க்கிறோம். வண்டியில் வரும்போது பலர் தொட்ட அந்தக் கழுத்து நேரே நீர்த்தொட்டிக்குள் இறங்குகிறது. தொட்டியின் சுவரிலும் குழாயின் உட்புறத்திலும் நாளடைவில் வழவழப்பான ஒரு படலம் உருவாகிறது. விரலை விட்டு வழித்துப் பார்த்தால் வழுக்கும். அந்தப் படலம் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. அதன் மீது எவ்வளவு சுத்தமான கேனைக் கவிழ்த்தாலும் நாம் குடிப்பது படலத்தைத் தொட்டுவரும் நீரையே.

கேனுக்குள் பச்சை நிறம் தெரிந்தால் அது பாசி. கேன் வெயிலில் நின்றிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. உட்புறத்தில் கீறல் விழுந்து மங்கலாகிப்போன கேனை எவ்வளவு கழுவினாலும் கீறலுக்குள் இருப்பது வராது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

டிஸ்பென்சரைக் கழுவும் முறை எளிது:

1. மின் இணைப்பைத் துண்டித்து, கேனை எடுத்துவிட்டு, மீதித் தண்ணீரைக் குழாய் வழியாகவும் பின்புற வடிகால் மூடி வழியாகவும் முழுவதும் வடிக்க வேண்டும்.
2. நான்கு லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் திரவம், 5 விழுக்காடு உள்ளது, 15 மில்லி கலந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். சுவரை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்களையும் திறந்து சிறிது கரைசலை வெளியே விட்டு, ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும்.
3. முழுவதும் வடித்துவிட்டு, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை அலச வேண்டும்.
4. புதுக் கேனைக் கவிழ்க்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உறையைக் கிழித்த பின் கழுத்தைச் சுத்தமான ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை இதைச் செய்யாமல் கேனின் பிராண்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

## வீட்டு இயந்திரத்தில் எது எதைச் செய்கிறது

வீட்டில் மாட்டும் இயந்திரம் ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். வண்டல் வடிகட்டி மண்ணையும் துருவையும் பிடிக்கிறது. கார்பன் வடிகட்டி குளோரினையும் வாடையையும் நீக்குகிறது. ஆர்ஓ சவ்வு கரைந்த உப்பை வெளியேற்றுகிறது. யூவி விளக்கு கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. யூஎஃப் எனப்படும் நுண்துளைச் சவ்வு பாக்டீரியாவைத் தடுக்கிறது, உப்பை விட்டுவிடுகிறது. நம் தண்ணீரின் பிரச்சினை உப்பா, கிருமியா என்று தெரிந்தால்தான் எந்த வேலைக்காரர் தேவை என்று முடிவெடுக்க முடியும். டிடிஎஸ் 500க்குக் கீழே இருக்கும் நீருக்கு ஆர்ஓ தேவையில்லை என்ற நிலைப்பாட்டை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாத உத்தரவிலேயே எடுத்தது. வீணாகும் நீர்தான் அதன் கவலை. வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல நீர் தர, சாதாரணமாக இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது.

இங்கே எளிதில் கவனத்திலிருந்து தப்பும் ஒன்று உண்டு. மாநகராட்சித் தண்ணீரில் வரும் பிளீச்சிங் வாடையைக் குறையாகச் சொல்கிறோம். அந்த வாடை, குழாயில் வழிநெடுகக் கிருமியைத் தடுத்துக்கொண்டு வந்த குளோரின் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று ஐஎஸ் 10500 எதிர்பார்க்கிறது. கார்பன் வடிகட்டி அதை முழுவதும் எடுத்துவிடுகிறது. ஆகவே இயந்திரத்தின் சேமிப்புத் தொட்டியில் இருக்கும் நீருக்குப் பாதுகாவலர் யாரும் இல்லை. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், அந்தத் தொட்டி நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்துக் குடிக்க வேண்டும்.

இயந்திரப் பெட்டியில் இருக்கும் முத்திரைகளையும் இதே கண்ணோடு படிக்கலாம். ஐஎஸ் 16240 என்பது வீட்டு ஆர்ஓ இயந்திரத்துக்கான இந்தியத் தரம். அதற்கும் `CM/L` எண் உண்டு. என்எஸ்எஃப் என்ற அமெரிக்கச் சான்று இருந்தால், பக்கத்தில் என்ன எண் என்று பார்க்க வேண்டும். 42 என்றால் சுவை, வாடை, குளோரின் மட்டும். 53 என்றால் உடல்நலத்தைப் பாதிக்கும் குறிப்பிட்ட மாசுகள். 58 என்றால் ஆர்ஓ அமைப்பு. எண் எதுவும் இல்லாமல் ‘என்எஸ்எஃப் சான்று பெற்ற பாகங்கள்’ என்று இருந்தால், உள்ளே ஏதோ ஒரு வடிகட்டிக்கோ சவ்வுக்கோ சான்று இருக்கிறது. முழு இயந்திரத்துக்கு இல்லை. ‘செம்பு’, ‘ஆல்கலைன்’ போன்றவை விற்பனைச் சொற்கள், கிருமி நீக்கத்தோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை.

டிடிஎஸ் மீட்டருக்கு உண்மையான பயன் இங்கேதான். உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து, சவ்வு எத்தனை விழுக்காடு உப்பை நீக்குகிறது என்று மாதாமாதம் குறித்துவைக்கலாம். உள்ளே 1000, வெளியே 100 என்றால் 90 விழுக்காடு. அதே 1000 உள்ளே போய் 300 வெளியே வரத் தொடங்கினால் சவ்வு தளர்ந்துவிட்டது. சுவை மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சர்வீஸ் ஆள் சொன்ன தேதிக்காக நல்ல சவ்வை மாற்றவும் தேவையில்லை. ஆனால் இயந்திரத்தில் டிடிஎஸ் கட்டுப்படுத்தி இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். சவ்வைத் தாண்டி வரும் நீரோடு கொஞ்சம் மூல நீரைக் கலந்து எண்ணை உயர்த்துவதுதான் அதன் வேலை. மூல நீரில் நைட்ரேட் இருந்தால் அதுவும் கலந்தே வரும். யூவி விளக்குக்கு இப்படி ஒரு மீட்டர் இல்லை. எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்குப் பிறகு அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால் காலக்கெடுவைப் பின்பற்றத்தான் வேண்டும்.

## ஒரு வீட்டின் கணக்கு

கடலூர் முதுநகரில் நான்கு பேர் உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நீராதாரங்கள் இருக்கின்றன. வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ் 1150. குக்கரின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் வரும் மாநகராட்சித் தண்ணீரின் டிடிஎஸ் 380. அது சம்ப்பில் இறங்கி மோட்டாரில் மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. குடிக்க நாளொன்றுக்கு 10 லிட்டர், சமைக்க 10 லிட்டர் தேவை.

முதல் வழி கேன். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு ஒரு கேன், கேன் 40 ரூபாய் என்றால் மாதம் 1200 ரூபாய். குடிக்க மட்டும் என்றால் 600.

இரண்டாம் வழி ஆர்ஓ. இயந்திரம் 15,000 ரூபாய், ஏழு ஆண்டு உழைக்கிறது, வடிகட்டி மாற்றவும் சர்வீசுக்கும் ஆண்டுக்கு 4500 ரூபாய் என்று கொண்டால், மாதம் சுமார் 550 ரூபாய். போர் தண்ணீரை இதில் விட்டால், 92 விழுக்காடு நீக்கத்தில் வெளியே 92 மில்லிகிராம் வரும். நாளுக்கு 60 லிட்டர் வரை வெளியேறும், அதைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் எடுத்துக்கொள்ளலாம். அதே இயந்திரத்தில் மாநகராட்சித் தண்ணீரை விட்டால் வெளியே வருவது சுமார் 30. அடைக்கப்பட்ட குடிநீருக்கே குறைந்தது 75 வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ விதி சொல்லும்போது, ஏற்கெனவே நல்லதாக இருந்த நீரைக் காசு கொடுத்து வெறுமையாக்குகிறோம்.

மூன்றாம் வழி, மாநகராட்சித் தண்ணீரைத் தனியாகப் பிடித்துக் காய்ச்சுவது. 10 லிட்டரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 120 கிராம் எரிவாயு செலவாகும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்றால் நாளுக்கு ஏழு எட்டு ரூபாய், மாதம் 230 ரூபாய்க்குள். சமையலுக்கு எடுக்கும் 10 லிட்டர் அடுப்பில் எப்படியும் கொதிக்கப்போகிறது. அதைத் தனியே காய்ச்சுவது வீண். காய்ச்ச நேரமில்லை என்றால், ஆர்ஓ இல்லாத யூவி அல்லது யூஎஃப் இயந்திரம் இந்த நீருக்குப் போதும். ஆர்ஓவைவிட மலிவு, யூவியில் நீரும் வீணாவதில்லை.

இந்த வீட்டுக்கு என் பரிந்துரை மூன்றாம் வழிதான். ஆனால் அது ஒரு நிபந்தனையோடு வருகிறது: 380 என்ற எண் எத்தனை நம்பகமானதோ அத்தனைதான் இந்த முடிவும். சம்ப்பின் மூடி தெருமட்டத்தில் இருந்து, பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டியும் இருந்தால், குழாயில் நல்லதாக வந்த நீர் சம்ப்பில் கெட்டுவிடும். மாநகராட்சித் தண்ணீர் இல்லாமல் 1150 உள்ள போர் மட்டுமே இருந்தால், முடிவு ஆர்ஓவின் பக்கம் சாயும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பும் நைட்ரேட்டும் போகாது, நீர் வற்றும் அளவுக்கு அவை சற்று கூடவே செய்யும்.

எனவே இயந்திரமோ கேனோ வாங்குவதற்கு முன் செலவிட வேண்டியது பரிசோதனைக்கு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. வேதியியல் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர் நீரைச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில், அதே நீரால் மூன்று முறை அலசிய பின் பிடித்துக் கொடுக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு வீட்டுப் பாட்டில் உதவாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில், குழாயைச் சற்று ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். போர் தண்ணீரில் டிடிஎஸ், கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளூரைடு, இரும்பு ஆகிய ஐந்தையும் கேட்டால் போதுமானது. கோடையிலும் மழைக்குப் பின்னும் எண்கள் மாறும் என்பதால் இரண்டு பருவத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

## வெள்ளமும் மின்வெட்டும் வரும்போது

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாள்களில் மின்சாரம் இல்லாததால் ஆர்ஓவும் யூவியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், கேன் வண்டியும் வராது. வெள்ளநீர் சம்ப்பில் இறங்கியிருந்தால், டிடிஎஸ் மீட்டர் அப்போதும் நல்ல எண்ணையே காட்டக்கூடும். மழைநீரில் உப்பு குறைவு.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை சில. வெள்ளத்தில் மூழ்கிய கேன்களை, உறை கிழியாமல் இருந்தாலும், ஒதுக்கிவிட வேண்டும். மூடி இடுக்கில் சேறு புகுந்திருக்கும். கிடைக்கும் நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, நன்கு தளதளவென்று கொதிக்கும்வரை காய்ச்சி, காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடிவைக்க வேண்டும். அடுப்பும் இல்லையென்றால் குளோரின் மாத்திரை. ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது அட்டையில் இருக்கும், போட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருந்து குடிக்க வேண்டும். கலங்கல் இருக்கும் நீரில் குளோரினின் வேலை பாதியில் நின்றுவிடும் என்பதால் வடிகட்டாமல் மாத்திரை போடக் கூடாது. மின்சாரம் திரும்பிய பிறகு, சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கழுவி பிளீச் செய்வதற்கு முன்னால் இயந்திரத்தை இயக்கினால், வண்டல் வடிகட்டி முதல் சவ்வு வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.